ஆமை அழவில்லை

(வனவிலங்கு ஆவணப்படங்களுக்கு உரை எழுதுவது பற்றி இளம் படத் தொகுப்பாளர்களிடமும் எழுத்தாளர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம் நண்பர்களே. இன்று ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு பேசப் போகிறேன். சென்னைக் கடற்கரை, பிப்ரவரி மாதம், நடுஇரவு தாண்டிய நேரம். ஒரு பங்குனி ஆமை கரையேறி, குழி தோண்டி, முட்டையிட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. நேரில் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். படத்தில் அது நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் ஒரு நாற்பது நொடி, ஆமையின் முகம் மட்டும் தெரிகிற அண்மைக் காட்சி. கண்ணோரத்திலிருந்து பிசுபிசுப்பான நீர் வழிந்து, மணலோடு சேர்ந்து கன்னத்தில் ஒட்டுகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் அந்த நாற்பது நொடிக்கு நான் எழுதிய முதல் வரைவு இது: "இது ஒரு தாயின் கண்ணீர். தன் பிள்ளைகளின் முகத்தை இனி ஒருபோதும் காண முடியாது என்று அறிந்தும், அவர்களின் நல்வாழ்வுக்காக அவள் இந்த வலியைத் தாங்கிக்கொள்கிறாள்." குரல் கொடுத்தவர் உருகிப் படித்தார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். ஆனால் அதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை.

கடலாமை குடிப்பது கடல்நீர், தின்பதும் உப்பேறிய இரை. அந்த உப்பையெல்லாம் அதன் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பெரிய சுரப்பிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அங்கிருந்து வரும் நீரில் கடல்நீரைப்போல ஏறக்குறைய இரு மடங்கு உப்பு இருக்கும். கடலுக்குள் இருக்கும்போதும் இது சுரக்கிறது, நீரோடு நீராகக் கலந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. முட்டையே இடாத ஆண் ஆமைக்கும் இந்தச் சுரப்பி உண்டு. என் 'தாயின் கண்ணீர்' அங்கேயே உடைந்துவிட்டது. விலங்குக்கு ஒரு நோக்கத்தைச் சொல்லும்போதெல்லாம் அன்றிலிருந்து நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: அந்த நோக்கம் இல்லாத ஒரு விலங்கும், அந்த நோக்கம் இல்லாத ஒரு நேரத்திலும், இதையே செய்யுமா? செய்யும் என்றால் நான் சொன்ன நோக்கம் என்னுடையது, விலங்கினுடையது அல்ல.

சரி, அப்புறம் என்ன எழுதினேன்? இரண்டாவது வரைவில் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். சுரப்பியின் பெயர், அது எப்படி வேலை செய்கிறது, உப்பின் அளவு, கடற்பறவைகளுக்கும் இப்படி ஒன்று கண்ணுக்கு மேலே இருக்கிறது என்ற ஒப்பீடு என எல்லாவற்றையும் அந்த நாற்பது நொடிக்குள் திணித்தேன். எல்லாமே சரியான தகவல்தான். ஆனால் பார்ப்பவர் ஆமையை விட்டுவிட்டுக் குரலைத் துரத்திக்கொண்டு ஓடினார். தமிழில் இது இன்னும் சிக்கல். நம் சொற்கள் நீளமானவை. நிதானமாகப் படித்தால் நொடிக்கு ஒன்றரைச் சொல்லுக்கு மேல் போகாது, அதிலும் மூச்சுவிட இடம் வேண்டும். என் அனுபவத்தில் நாற்பது நொடிக் காட்சி இருபது, இருபத்தைந்து சொல்லைத்தான் தாங்கும். இன்னொன்று, நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. நீண்ட வாக்கியம் எழுதினால், அந்த வினை வந்து சேர்வதற்குள் திரையில் காட்சி மாறிவிடும். அடுத்த காட்சியின் மீது முந்தைய காட்சியின் வினை வந்து விழும். தொகுப்பறையில் இது கேட்கவே கரடுமுரடாக இருக்கும்.

கடைசியில் நின்றது இது: "கடலுக்குள்ளும் இந்த நீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. குடித்த உப்பு கண் வழியே வெளியேறுகிறது." பத்துச் சொற்கள். மீதி நேரம் ஆமையின் மூச்சு. கரையில் அது விடும் மூச்சின் ஓசை கனமானது, ஒலிப்பதிவாளர் மணலில் படுத்துக்கிடந்து பிடித்தது. அதன்மேல் பேசுவதற்கு எனக்கு உரிமை இல்லை.

'அழுகிறது' என்ற சொல் அந்த உரையில் இல்லை, 'அழவில்லை' என்பதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மறுத்துச் சொன்னாலும் அந்த எண்ணத்தை நாமே பார்ப்பவர் மனதில் போடுகிறோம்.

இப்போது குழியை மூடும் காட்சிக்கு வருவோம். பின்துடுப்புகளால் மணலைத் தள்ளிவிட்டு, ஆமை உடலை இடமும் வலமும் ஆட்டி, ஓட்டின் அடிப்பகுதியால் மணலைத் தட்டி இறுக்குகிறது. தொப், தொப் என்று தரை அதிரும். பிறகு முன்துடுப்புகளால் சுற்றிலும் மணலை வாரி இறைக்கிறது. எல்லோரும் எழுதும் வரி, "எதிரிகளிடமிருந்து முட்டைகளை மறைப்பதற்காக மணலை வீசுகிறது." இந்த 'அதற்காக'வில்தான் நாம் அதிகம் வழுக்குகிறோம். ஒரு செயலால் என்ன பயன் விளைகிறது என்பதற்கும், செய்யும் உயிர் என்ன நினைத்துச் செய்கிறது என்பதற்கும் தமிழில் இதே விகுதியைத்தான் போடுகிறோம். கேட்பவர் காதில் இரண்டாவது பொருள்தான் விழும். மாற்றுவது எளிது: "இறைத்த மணலில் குழி எங்கே என்பது தெரியாமல் போகிறது." விளைவைச் சொல்லியாயிற்று, நினைப்பைச் சொல்லவில்லை. 'என்று அறிந்து', 'என்று எண்ணி', 'காத்திருக்கிறது', 'துணிகிறது', இவற்றையெல்லாம் என் வரைவில் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு ஒவ்வொன்றாக விசாரிப்பேன்.

விசாரித்தால் சில சமயம் நல்ல தகவலே கிடைக்கும். குஞ்சுகள் வெளிவரும் காட்சிக்கு, "பகைவர் கண்ணில் படாமலிருக்க இரவுக்காகக் காத்திருக்கின்றன" என்று எழுதியிருந்தேன். 'காத்திருக்கின்றன' என்பதை விசாரித்தபோதுதான் மணலுக்குள் நடப்பது புரிந்தது. ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள். பொரித்த குஞ்சுகள் ஒன்றாகத் துழாவும்போது மேல்மணல் உதிர்ந்து கீழே விழ, குழியின் தரையே கொஞ்சம் கொஞ்சமாக மேலேறுகிறது. மேற்பரப்பு நெருங்கும்போது பகல் மணல் சுடுகிறது, அந்தச் சூட்டில் குஞ்சுகள் அசைவற்றுப் போகின்றன. மாலைக்குப் பின் மணல் குளிர்ந்ததும் மீண்டும் துழாவல். இரவில் வருவதற்கு வெப்பமே வழிவிடுகிறது. கேமரா இதைக் காட்ட முடியாது, ஆகவே இது உரைக்கு உரியது. குஞ்சுகள் ஓடுவது திரையில் தெரிகிறது, அதை நாம் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரைச் சாலை விளக்குகளைப் பார்த்து அவை ஊர்ப்பக்கம் திரும்பும் காட்சிக்கு மட்டும் ஒரு வரி வேண்டும்: "இருட்டில் கடல்பக்க வானமே வெளிச்சமானது. இங்கே அப்படி இல்லை."

விலங்குக்கு உணர்ச்சியே கிடையாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இறந்துபோன குட்டியை நாள்கணக்கில் சுமந்து திரியும் யானையைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே 'துக்கம்' என்று எழுதலாமா என்றால், எத்தனை நாள் சுமந்தது, மற்ற யானைகள் என்ன செய்தன என்பதை எழுதுங்கள் என்பேன். பார்த்ததைச் சரியாகச் சொன்னால், அந்தச் சொல்லைப் பார்ப்பவரே தேடிக்கொள்வார்.

எழுதி முடித்ததும் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு உரையை மட்டும் கேட்பேன். வானொலிக் கதைபோல முழுதாகப் புரிந்தால் அளவுக்கு மேல் எழுதிவிட்டேன் என்று பொருள். அங்கங்கே ஓட்டை தெரிய வேண்டும், அந்த ஓட்டையைப் படம் அடைக்க வேண்டும். பிறகு இசையோடு ஒருமுறை கேட்பேன். உரையிலிருந்து நாம் எடுத்துவிட்ட தாயின் சோகத்தை ஒரு வயலின் திரும்பக் கொண்டுவந்துவிடும். இசையமைப்பாளரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள்.

அந்தப் படத்தின் கடைசி ஒன்றரை நிமிடத்தில் என் சொல் எதுவும் இல்லை. ஆமை கடலுக்குள் போய்விட்டது. மணலில் அதன் துடுப்புகள் பதித்த இரட்டைத் தடம் மட்டும் கிடக்கிறது. அலை வந்து கீழ்ப்பாதியை அழிக்கிறது, மேல்பாதி விடியும்வரை அப்படியே இருக்கிறது.