வைஃபை பவரைக் கூட்டினால் போன் ஏன் கீழ்மாடியை விடமாட்டேன் என்கிறது?

கேள்வி: "அண்ணா, உப்புவெளியில எங்கட சின்ன விடுதியில கீழ ஒண்டு, மேல ஒண்டு எண்டு ரெண்டு அக்சஸ் பாயிண்ட். ரெண்டும் ஒரே பெயர், ரெண்டிலயும் பவர் High. மேல் அறையில கோடு நிறைய நிக்குது, ஆனா வீடியோ கோல் வெட்டி வெட்டிப் போகுது. ஏன்?"

தம்பி, அந்தக் கோடுகள் அக்சஸ் பாயிண்ட் பெட்டியின் குரல் போனுக்கு எவ்வளவு உரமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். போனின் குரல் பெட்டிக்குப் போய்ச் சேருகிறதா என்பது அதில் தெரியாது. பெட்டி 23 dBm, அதாவது 200 மில்லிவாட்டில் அனுப்புகிறது என்று வைப்போம். போன் சின்ன பற்றரியில் ஓடுவது, 15 dBm அளவில், 30 மில்லிவாட் மாதிரித்தான் பேசும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நமக்குக் கேட்கும், நாம் கரையில் நின்று கூப்பிட்டால் கப்பலுக்குக் கேட்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன மணிக்கூடு அசையாமல் நிற்பது இதனால்தான்.

அப்புறம், எந்தப் பெட்டியோடு இருப்பது என்று முடிவெடுப்பது போன்தான், பெட்டி இல்லை. போனுக்குக் கேட்கும் சிக்னலையும் dBmஇல்தான் அளப்பார்கள், எண் பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் சிக்னல் உரம் என்று அர்த்தம். ஐபோன் தான் பிடித்திருக்கும் சிக்னல் -70 dBmக்குக் கீழே போனால்தான் வேறு பெட்டியைத் தேடத் தொடங்கும். மற்றப் போன்களில் அந்த எல்லை கொஞ்சம் மாறும். கீழ்ப் பெட்டியின் சிக்னல் மேல் அறையில் -68 என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேல் பெட்டி பக்கத்திலேயே -50இல் கேட்டாலும் போன் தேடாது, கீழ் பெட்டியையே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். இப்போது கீழ்ப் பெட்டியின் பவரை 23 dBmஇலிருந்து 17க்கு, அதாவது 6 dB இறக்குங்கள். அதே அறையில் -74 ஆகிவிடும், போன் தேடி மேல் பெட்டிக்கு மாறும். மேல் பெட்டியையும் அதே அளவு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே இறங்கி வருகிறவருக்கு இதே தொல்லை.

இதில் இழப்பும் உண்டு. திறந்த வெளியில் 6 dB குறைந்தால் எட்டும் தூரம் பாதியாகும். தோட்டத்துக் கடைசியில் கோடு குறையும். ஆனால் அங்கே போனின் குரல் முன்பே திரும்பி வரவில்லை என்றால், நீங்கள் இழப்பது வெறும் கோட்டைத்தான். அங்கும் வைஃபை வேண்டுமென்றால் அங்கேயே ஒரு பெட்டி வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரையும் நினைத்துப் பாருங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 மூன்றுதான். உங்களுடைய சனலிலேயே அவருடைய ரவுட்டரும் இருந்தால், உங்கள் பெட்டி பேசுவது காதில் விழுந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் அது வாயை மூடிக் காத்திருக்கும். High என்றால் இரண்டு மதில் தாண்டியும் விழும். அவரும் High வைத்தால் நீங்கள் காத்திருப்பீர்கள்.

மாற்றிய பிறகு ஒரு வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து, படியேறிப் பாருங்கள். போன் பிடித்திருக்கும் பெட்டியின் அடையாள எண்ணான BSSID, படியிலோ மேல் வாசலிலோ மாற வேண்டும். அறைக்குள் போயும் மாறவில்லை என்றால் கீழ்ப் பெட்டியை இன்னும் 3 dB இறக்குங்கள்.