குழிலென்சின் குவியத் தூரம்: குவிலென்சைத் துணைக்கு வைத்து அளப்பது எப்படி?

[காட்சி: ஜன்னலோரம், கையில் ஒரு லென்சு, பின்னால் வெள்ளைத் தாள்]

வணக்கம். இது குவிலென்சு. ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு, பின்னால் தாளை முன்னும் பின்னும் நகர்த்துகிறேன். இதோ, மரம் தலைகீழாகத் தாளில் விழுந்துவிட்டது. லென்சிலிருந்து தாள் 15 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. இதன் குவியத் தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

இப்போது அதே இடத்தில் குழிலென்சு. தாளை எங்கே கொண்டுபோனாலும் மரம் வரவில்லை. நடுவில் மங்கலான நிழல், ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சமான வளையம், அவ்வளவுதான். குழிலென்சு கதிர்களை விரிக்கிறது. எதிரே இருக்கும் எந்தப் பொருளுக்கும் அது தருவது மாயபிம்பம். அந்தப் பிம்பத்தைத் தாளில் பிடிக்க முடியாது.

ஆனால் விரிந்து வரும் கதிர்களுக்குப் பதிலாக, ஏற்கெனவே ஒரு புள்ளியை நோக்கிக் குவிந்துகொண்டிருக்கும் கதிர்களை அதற்குக் கொடுத்தால்? குழிலென்சு அவற்றைச் சற்று விரிக்கும். கதிர்கள் குவிவது நின்றுபோகாது, கொஞ்சம் தள்ளிப் போய்க் குவியும். அங்கே கிடைப்பது மெய்பிம்பம். குவிலென்சு இங்கே செய்யும் வேலை இதுதான்.

[காட்சி: ஒளியியல் பெஞ்ச், மேலிருந்து]

பொருள் ஊசியை 5-ஆவது செ.மீ. குறியில் வைக்கிறேன், குவிலென்சை 30-இல். இரண்டுக்கும் இடையே 25 செ.மீ. பிம்பம் லென்சுக்கு அப்பால் 37.5 செ.மீ. தூரத்தில், அதாவது 67.5 குறியில் விழவேண்டும். அங்கே இரண்டாவது ஊசியைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன்.

சரியாக அங்கேதான் இருக்கிறதா? பெஞ்சின் கோடியில், ஊசியிலிருந்து 30 செ.மீ. தள்ளிக் கண்ணை வையுங்கள். தலைகீழான பிம்பத்தின் முனையும் ஊசியின் முனையும் தொட்டுக்கொண்டு நிற்கும். தலையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். இரண்டும் பிரிந்தால், உங்கள் தலையோடு வலப்பக்கம் வருவது தூரத்தில் இருக்கிறது, இடப்பக்கம் விலகுவது கிட்டே இருக்கிறது. பிரியாமல் ஒன்றாகவே நகரும்வரை ஊசியைத் தள்ளிச் சரிசெய்யுங்கள். இதைத்தான் இடமாறு தோற்றத்தை நீக்குதல் என்கிறோம்.

இந்த இடத்தை I என்று குறித்துக்கொள்ளுங்கள். இனிமேல் பொருள் ஊசியையும் குவிலென்சையும் தொடவே கூடாது. கைபட்டு ஒன்று அசைந்தால் I செல்லாது.

[காட்சி: குழிலென்சு உள்ளே வருகிறது]

குழிலென்சை I-க்கு முன்னால் 12 செ.மீ. தூரத்தில், 55.5 குறியில் வைக்கிறேன். பிம்பம் பின்னால் ஓடுகிறது. ஊசியை நகர்த்தித் தேடினால் 85.5-இல் கிடைக்கிறது. முன்பைவிட இரண்டரை மடங்கு பெரிதாக, தடித்து, ஓரம் மங்கலாகத் தெரியும். பயப்படவேண்டாம், அது இயல்பு.

குழிலென்சிலிருந்து I வரை u = 12. புதிய பிம்பம் வரை v = 30.

[திரையில்]

```
f = uv / (u − v)
  = (12 × 30) / (12 − 30)
  = −20 cm
```

பலரும் தடுமாறுவது இங்கேதான். பொருளின் தூரம் என்றாலே எதிர்க்குறி என்று பழகியிருப்பதால் u-வை −12 என்று போட்டுவிடுவார்கள். இங்கே பொருள் என்பது I. அது லென்சுக்கு அப்பால், ஒளி போகும் திசையில் இருக்கிறது. ஆகவே நேர்க்குறி. விடை +8.6 என்று வந்தால், செய்த தவறு இதுதான்.

எந்த அளவில் அதிகக் கவனம் வேண்டும்? புதிய பிம்பம் மங்கலாக இருப்பதால் எல்லாரும் அங்கேதான் நேரம் செலவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அது தப்பான இடம். v-இல் அரை செ.மீ. பிசகினால் f-இல் கால் செ.மீ.கூட மாறாது. u-வில் அதே அரை செ.மீ. பிசகினால் விடை 21.4 ஆகிவிடும். அதனால் I-ஐ மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

குழிலென்சை I-க்கு மிக அருகில், 4 செ.மீ.யில் வைத்தால் நிலைமை மோசம். பிம்பம் ஒரே ஒரு செ.மீ.தான் நகரும், சின்னப் பிழையும் பெரிதாகிவிடும். மாறாக 20 செ.மீ. தள்ளி வைத்தால் கதிர்கள் இணையாகிப் பிம்பமே கிடைக்காது. u 16 ஆனாலே v 80 ஆகிவிடும், ஒரு மீட்டர் பெஞ்சில் இடமில்லை. இந்த லென்சுக்கு 10 முதல் 13 வரை வசதி.

u-வை மூன்று முறை மாற்றி அளந்து, விடைகளை வரிசையாகப் பாருங்கள். மேலும் கீழுமாகச் சிதறியிருந்தால் ஊசியைப் பொருத்துவதில் வரும் சாதாரணப் பிழை. u கூடக்கூட விடை 22.1, 21.4, 21.2 என்று ஒரே பக்கமாக இறங்கினால், I-ஐ அரை செ.மீ. தள்ளிக் குறித்திருக்க வாய்ப்பு அதிகம். குழிலென்சை வெளியே எடுத்துவிட்டு, 67.5-இல் ஊசியை மறுபடி நிறுத்தித் தலையை அசைத்துப் பாருங்கள்.