மணிக்கு 15 பேர்னா, அந்த 15 எவ்வளவு ஆடும்? டெல்டா மெத்தட் பத்தி ஒரு பேச்சு

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கிட்டு அதுலயே நிக்கப் போறேன்.

ஒரு மெடிக்கல் ஷாப். ஒரு கஸ்டமர் வந்ததுக்கும் அடுத்தவர் வந்ததுக்கும் நடுவுல எத்தனை நிமிஷம்னு 25 இடைவெளி குறிச்சிருக்கோம்னு வெச்சுக்கங்க. சராசரி 4 நிமிஷம், ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் கிட்டத்தட்ட 4 தான், ஏன்னா ஆளுங்க அவங்கவங்க பாட்டுக்கு எந்த நேரத்துலயும் வந்தா இடைவெளிங்க எக்ஸ்பொனென்ஷியலா இருக்கும், அதுல ரெண்டும் சமம். சராசரியோட ஸ்டாண்டர்ட் எரர், அதாவது திரும்பத் திரும்ப 25 இடைவெளி எடுத்தா அந்த சராசரி எவ்வளவு ஆடும்ங்கிறது, 4-ஐ ரூட் 25-ஆல வகுத்தா 0.8 நிமிஷம். ஆனா கடைக்காரர் கேக்குறது மணிக்கு எத்தனை பேர்ங்கிறதை. அது 60/4, அதாவது 15. இந்த 15-க்கு ஸ்டாண்டர்ட் எரர் என்ன? நிறைய பேர் 60-ஐ 0.8-ஆல வகுத்துடுவாங்க, 75 வரும். 15 ப்ளஸ் ஆர் மைனஸ் 75னா அர்த்தமே இல்லையே.

சரியான வழி ஸ்லோப் வழியா போகுது. g(x) = 60/x ஒரு வளைவு, ஆனா சாம்பிள் சராசரி எங்க வேணாலும் போறதில்ல, உண்மையான சராசரிக்குப் பக்கத்துலயேதான் ஆடுது, இடைவெளிங்களோட எண்ணிக்கை n ஏற ஏற அந்த ஆட்டம் ரூட் n-ஆல சுருங்குது. அந்தச் சின்ன இடத்துக்குள்ள பாத்தா வளைவு நேர்கோடு மாதிரிதான் இருக்கும், நேர்கோடுன்னா x ஆடுற அளவை ஸ்லோப்பால பெருக்கினா போதும். நாம கழிச்சு விட்ட வளைவுப் பகுதி 1/n வேகத்துல சுருங்குது, அதாவது இன்னும் சீக்கிரமா, அதனாலதான் அதை விட முடியுது. டெல்டா மெத்தட் அவ்வளவுதான், இதுல SE ஸ்டாண்டர்ட் எரர், x̄ சாம்பிள் சராசரி, μ உண்மையான சராசரி:

SE(g) ≈ |g'(μ)| × SE(x̄)

நம்ம கணக்குல g'(x) = -60/x². 4-ல அது -3.75. மைனஸ் எதுக்குன்னா இடைவெளி கூடினா ஆள் குறையும், ஆட்டத்துக்கு குறி தேவையில்ல. 3.75-ஐ 0.8-ஆல பெருக்கினா 3. அதாவது மணிக்கு 15, ஸ்டாண்டர்ட் எரர் 3.

இதை நம்பலாமான்னு எப்படிப் பாக்குறது? இந்த உதாரணத்தை நான் எடுத்ததே அதுக்குத்தான், ஏன்னா எக்ஸ்பொனென்ஷியல்ல துல்லியமான விடையும் தெரியும். உண்மையான ரேட் 15, n = 25னா ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 3.26, நம்ம 3 கொஞ்சம் கம்மியா சொல்லுது. அதோட 60/x̄-ஓட சராசரியும் 15 இல்ல, 15.6, ஏன்னா வளைவு மேல் பக்கம் திறந்திருக்கு, x̄ சின்னதா வரும்போது ரேட் ரொம்ப எகிறும், பெருசா வரும்போது அந்த அளவுக்கு இறங்காது. n = 400 ஆக்கினா டெல்டா 0.75 சொல்லும், துல்லியம் 0.754. அங்க குறையே சொல்ல முடியாது.

துல்லியமான விடை இல்லாத இடத்துல நான் செய்றது ஒண்ணு இருக்கு. சராசரிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஸ்டாண்டர்ட் எரர் தள்ளிப் போய் ஸ்லோப்பை கணக்குப் போட்டுப் பாருங்க. n = 25-ல அது 2.4-ல இருந்து 5.6 நிமிஷம் வரைக்கும். 2.4-ல ஸ்லோப் 10.4, 5.6-ல 1.9. அஞ்சு மடங்குக்கு மேல மாறுற ஒண்ணை நேர்கோடுன்னு சொல்லிட்டு இருக்கோம். n = 400-ல 3.6-ல இருந்து 4.4 வரைக்கும்தான், ஸ்லோப் 4.6-ல இருந்து 3.1. இது பரவால்ல, ஆனா n = 25-ல வந்த அந்த 3-ஐ வெளியில சொல்லும்போது கொஞ்சம் யோசிக்கணும்.

n = 2 எடுத்துப் பாருங்க, ஃபார்முலா 10.6ன்னு ஒரு நம்பர் குடுக்கும். ஆனா உண்மையில அங்க வேரியன்ஸே இன்ஃபினிட்டி! ஃபார்முலா கூச்சமே இல்லாம விடை சொல்லும், எச்சரிக்கை எதுவும் வராது. அது சொல்றது n பெருசாகும்போது பரவல் எந்த வடிவத்துக்கு நெருங்குதுங்கிறதை மட்டும்தான்.

இன்னொரு இடம் ஸ்லோப் பூஜ்யமாகிற இடம். காசு சுண்டி தலை விழுந்த பங்கை p̂ன்னு எடுத்து p̂(1-p̂) கணக்குப் போடுறோம், தலை விழுறதோட உண்மையான வாய்ப்பு p பாதின்னா ஸ்லோப் 1-2p பூஜ்யம், டெல்டா மெத்தட் எரரே இல்லைன்னு சொல்லிடும். நிஜத்துல 0.25-ல இருந்து p̂ பாதியை விட்டு விலகின தூரத்தோட வர்க்கம் கழியுது, 100 தடவை சுண்டினா சராசரியா 0.0025, அதுவும் கீழ்ப் பக்கம் மட்டும். மேல போக வழியே இல்ல, அதனால மணி வடிவமும் கிடையாது, கை-ஸ்கொயர் வடிவம்தான் வரும். அங்க ரெண்டாவது டெரிவேட்டிவ் எடுத்துத்தான் கணக்குப் போடணும்.