‘வாயேன்’ இருக்க ‘வா டொஹ்’ எதற்கு?

நடுவர் கேட்டது: “டொச்சு படிக்கிற பிள்ளைகளும், ஜேர்மனியிலிருந்து லீவுக்கு வருகிற பிள்ளைகளும் நம்ம பேச்சில் ‘டொஹ்’, ‘மால்’ என்று சேர்த்துப் பேசுகிறார்கள். இது நம்ம பேச்சுக்கு வரவா, இழப்பா?”

நடுவர் ஐயா அவர்களே, இந்தத் தூறலிலும் கோயில் வாசலை விட்டு எழும்பாமல் உட்கார்ந்திருக்கிற என் சொந்தங்களே, வணக்கம்.

எதிரணித் தம்பி எப்படியும் போட்டு உடைக்கத்தான் போகிறார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நான் ஹட்டன் டவுனில் டொச்சு டியூஷன் நடத்துகிறவள். டொஹ்ஹையும் மாலையும் விற்றுத்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. அந்தச் சரக்கு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று விற்கிறவளுக்குத் தெரியும், அதனால்தான் ‘இழப்பு’ என்கிற அணியில் நிற்கிறேன்.

எங்க அக்கா மகள் ஜேர்மனியில் நர்ஸிங் படிக்கப் போய் 2 வருஷம் கழித்துப் போன மாசம் வந்திருந்தாள். வந்த மறுநாள் காலையில் குசினிக்குள் நின்றுகொண்டு கூப்பிடுகிறாள்: “அம்மாயி, இங்க வா மால்!” அம்மாயி திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. அசையவே இல்லை. திரும்பவும், “வா மால்!” என்கிறாள். அம்மாயி பக்கத்துக் காம்பராவைப் பார்த்துக் குரல் கொடுக்கிறது: “அடியே மாலா, ஒன்னத்தான் கூப்பிடுறா, காது கேக்கலையா?”

சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். ஆனால் அந்த ‘மால்’ அங்கே என்ன வேலைக்கு வந்தது என்று பாருங்கள். டொச்சில் ‘கொம்’ என்று மட்டும் சொன்னால் அது வெறும் கட்டளை. ‘கொம் மால்’ என்றால் கட்டளையின் முனை மழுங்கிவிடும். பெரிய வேலை ஒன்றுமில்லை, ரெண்டு நிமிஷந்தான் என்று கேட்கிறவருக்குப் படும். எங்க அக்கா மகள் அந்த மழுக்கலைத்தான் செய்யப் பார்த்தாள். அம்மாயிக்கு ‘மால்’ தெரியாது, அதனால் அது கழன்று விழுந்துவிட்டது. மிச்சம் என்ன? மொட்டையாக ஒரு ‘வா’. நல்லபடியாகக் கூப்பிட நினைத்த பிள்ளை, கிழவியை அதட்டிக் கூப்பிட்ட பிள்ளையாகிப் போனாள்.

அவளுக்கு அந்த இடத்தில் சொல் இல்லாமலா போயிற்று? ‘அம்மாயி, ஒருக்கா வாங்க’ என்றால் முடிந்தது. இதில்தான் எனக்கு ஒரு ஆச்சரியம். ‘மால்’ என்பது ‘ஐன்மால்’ தேய்ந்து வந்த சொல். ‘ஐன்’ என்றால் ஒன்று, ‘மால்’ என்றால் தடவை. நம்ம ‘ஒருக்கா’வும் ‘ஒருக்கால்’ தேய்ந்ததுதான், அந்தக் ‘கால்’ என்றாலும் தடவை. ‘ஒருக்கா கதவத் தொறங்க’ என்றால் ஒரே ஒரு தடவைதான் திறக்க வேண்டும் என்று யாராவது எண்ணிக்கொண்டிருக்கிறோமா? அங்கேயும் அப்படித்தான், அந்த ‘மால்’ எண்ணிக்கையே கிடையாது. ஒருவரை ஒருவர் பார்க்காத ரெண்டு மொழி, ஒரே சொல்லைத் தேய்த்து ஒரே வேலைக்கு வைத்திருக்கிறது. அப்படியிருக்க எதற்கு இறக்குமதி?

எதிரணியில் முதலில் பேசிய தங்கச்சி, ‘மால்’ என்றால் ‘தயவுசெய்து’ என்றார். பாதி சரி. மென்மை உண்டு, மரியாதை கிடையாது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் போய் டொக்டரைப் பார்த்து ‘கொம்மென் ஸீ மால் ஹேர்’ என்றால், ‘ஸீ’ என்று மரியாதையாகச் சொன்னாலும், அது ஆளை வரவழைக்கிற தோரணையாகத்தான் கேட்கும். தயவுசெய்து என்பதற்கு ‘பிட்டெ’ என்று தனிச்சொல் இருக்கிறது. என் டியூஷனில் பிள்ளைகள் தடுமாறுகிற இடமும் இதுதான். மென்மைக்கு மால், பணிவுக்கு பிட்டெ என்று தலையில் ஏறுவதற்குள் ஆறு மாசம் ஓடிவிடும்.

இனி ‘டொஹ்’. இதுதான் பெரிய விஷயம்.

ரெண்டாவதாகப் பேசிய அண்ணன் ஒரு நல்ல வாதம் வைத்தார். ‘ஓகே’ வந்துவிட்டது, ‘ஸோ’ வந்துவிட்டது, ‘டொஹ்’ வந்தால் மட்டும் ஏன் குத்துகிறது என்றார். அண்ணே, ஓகேயும் ஸோவும் வசனத்தின் வாசலில் நிற்கிற சொற்கள். முன்னால் ஒரு ‘ஸோ’ போட்டுவிட்டு முழுத் தமிழில் பேசலாம், உள்ளே ஒரு பானை அசையாது. டொஹ் அப்படி இல்லை, அது வீட்டுக்குள் குடியிருக்கிற சொல். ‘டாஸ் ஹாபெ இஷ் டொஹ் கெஸாக்ட்’ என்பான். ‘அத நான் சொன்னேன்தானே’ என்று அர்த்தம். இதில் டொஹ் நடுவில், அழுத்தமே இல்லாமல், ஓடுகிற ஓட்டத்தில் வந்து போகும். அந்த மாதிரி டொஹ்ஹைத் தூக்கி வசனத்துக்கு முன்னால் வைக்க முடியாது. அதை மட்டும் தனியாகக் கேள்வி கேட்கவும் முடியாது.

நம்ம பிள்ளைகள் அதை எங்கே வைக்கிறார்கள்? காது கொடுத்துக் கேளுங்கள். ‘அத நான் டொஹ் சொன்னேன்’ என்று என் காதில் ஒரு நாளும் விழுந்ததில்லை. ‘அத நான் சொன்னேன் டொஹ்’ என்றுதான் சொல்கிறார்கள். அதாவது, ‘தானே’ உட்காருகிற நாற்காலியில் தானேயை எழுப்பிவிட்டு டொஹ்ஹை உட்கார வைக்கிறார்கள். வந்தது டொச்சுச் சட்டை, உள்ளே இருக்கிற உடம்பு ‘தானே’.

(சபையிலிருந்து ஒருவர்: “அப்ப டொச்சு படிக்கக் கூடாதுங்கிறியா? எம் மகன் அங்கருந்து அனுப்புற காசுலதான் இந்தக் கோயிலுக்கே கூரை போட்டம்!”)

ஐயா, படிக்க வேண்டாம் என்று நான் சொல்வேனா? நீங்கள் நாளைக்கே வாருங்கள், முதல் மாசம் காசு வேண்டாம். படிக்கிறதைப் பற்றி இங்கே பேச்சில்லை. தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் நின்ற நம்ம ஆட்கள் வெள்ளைக்காரனுடைய ‘பரேட்’டை எடுத்துப் ‘பெரட்டு’ ஆக்கினார்கள். அது பொருளின் பெயர். இல்லாத பொருள் வந்தது, பெயரும் கூட வந்தது. டொஹ் எந்தப் பொருளுக்கும் பெயர் இல்லையே.

சட்டைதானே மாறுகிறது, அதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இங்கேதான். டொச்சுக்காரனுக்கு ஒரே டொஹ் பல கதவைத் திறக்கும். ஞாபகப்படுத்தவும் டொஹ். ஆசையாகக் கூப்பிடவும் டொஹ், ‘கொம் டொஹ்’ என்பான். ஏங்குவதற்கும் டொஹ். ‘வேர எர் டொஹ் ஹியர்’ என்றால் ‘அவர் இப்ப இங்க இருக்கக் கூடாதா!’ என்று பெருமூச்சு. நம்மிடம் இந்த 3 கதவுக்கும் வேறு வேறு சாவி. ஞாபகப்படுத்த, ‘சொன்னேன்தானே’. ஆசையாகக் கூப்பிட, ‘வாயேன்’. யாழ்ப்பாணத்தில் இதையே ‘வாவன்’ என்பார்கள். ஏங்குவதற்கு, ‘இருக்கக் கூடாதா’. மாற்றிப் போட்டுப் பாருங்கள். யாராவது ‘வா தானே’ என்று விருந்துக்குக் கூப்பிடுவார்களா?

என் வகுப்புப் பிள்ளைகள் ‘வாயேன்’ சொல்ல வேண்டிய இடத்தில் இப்போது ‘வா டொஹ்’ என்கிறார்கள். ‘சாப்பிடேன்’ போய் ‘சாப்பிடு டொஹ்’. வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிற அந்த ‘ஏன்’ இருக்கிறதே, அதைக் கேட்டால் கூப்பிடுகிறவரின் முகமே தெரியும். அது முதலில் கழன்று போகிறது. நான் இழப்பு என்று சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. டொச்சில் ரெண்டையும் சேர்த்துச் சொன்னால் ‘கொம் டொஹ் மால்’ என்றுதான் வரும். ‘கொம் மால் டொஹ்’ என்றால் பிழை, நான் சிவப்புப் பேனாவை எடுப்பேன். தமிழில் இதற்குச் சரியான வசனம் ‘ஒருக்கா வாயேன்’. மால் முன்னுக்கு ஒருக்காவாக வந்துவிட்டது, டொஹ் பின்னுக்கு ஏனாக ஒட்டிவிட்டது. ஒரு துளி சிந்தவில்லை. ஆனால் பிள்ளைகள் ‘வா மால் டொஹ்’ என்கிறார்கள். அது டொச்சிலும் தப்பு, தமிழிலும் தப்பு.

தமிழாசிரியர் ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வார். தொல்காப்பியர் இடையியலில் முன்னிலை அசைச்சொல் என்று 6 சொல்கிறார்: மியா, இக, மோ, மதி, இகும், சின். ‘சென்மதி’ என்றால் ‘போ’ தான், அந்த ‘மதி’க்குத் தனியாகப் பொருள் சொல்ல முடியாது. ஆனால் முன்னால் நிற்கிறவரைப் பார்த்துப் பேசும்போது மட்டும் வரும். இந்த வகைச் சொல்லை நாம் அன்றைக்கே பெயர் வைத்து அடுக்கி வைத்திருந்தோம். பழைய மதி போய் இன்றைக்கு ஏன், தானே, ஒருக்கா வந்திருக்கிறது. அலமாரி காலியாக இருந்த நாளே இல்லை.

இப்போது எதிரணிக்கு ஒரு சலுகை. அழுத்திச் சொல்கிற, தனியாக நிற்கிற டொஹ் ஒன்று இருக்கிறது. ‘கொம்ஸ்ட் டூ நிஷ்ட்?’, நீ வரலையா என்று கேட்டால், வருகிறவன் ‘டொஹ்!’ என்பான். ‘யா’ என்று சொல்லமாட்டான். நம்மிடம் ‘நீ வரலையா?’ என்று கேட்டு ‘ஆமா’ என்று பதில் வந்தால், ஆமா வரலை என்றுதான் எடுத்துக்கொள்வோம். வருகிறேன் என்று சொல்ல ‘வர்றேனே!’ என்று வினையையே திரும்பச் சொல்ல வேண்டும். ஒரே சொல்லில் அடிக்க நம்மிடம் ஆயுதம் இல்லை. இந்த டொஹ் மட்டும் உள்ளே வந்தால் நான் கதவைச் சாத்துவேனா என்று கேட்டால், எனக்கே தெரியவில்லை. எங்க அணித் தலைவர் முறைக்கிறார், முறைக்கட்டும்.

ஆனால் அதையும் வீட்டில் பார்த்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி அம்மாயி அக்கா மகளைக் கேட்டது: “இன்னும் சாப்பிடலையாடி நீ?” அவள் போனைப் பார்த்துக்கொண்டே “டொஹ்!” என்றாள். சாப்பிட்டாச்சு என்று அர்த்தம். அம்மாயி அதைப் பசிக்கிற சத்தம் என்று நினைத்ததோ என்னவோ, எழும்பிப் போய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து முன்னால் வைத்தது. பாவம் பிள்ளை, ரெண்டாந்தரமும் சாப்பிட்டாள்.

மணி அடித்துவிட்டார் நடுவர். நன்றி, வணக்கம்.