கிரகணத்தன்னைக்கு மாசமா இருக்கிற பொண்ணு எத்தனை மணி நேரம் பட்டினி?

[திரையில்: நெருப்பு வளையமாகத் தெரியும் சூரியன்]

2019 டிசம்பர் 26. கோயம்புத்தூர், ஈரோடு, கரூர்னு நம்ம கொங்குப் பக்கத்துப் பல ஊர்களில் வளைய சூரிய கிரகணம் தெரிஞ்ச நாள். காலை 8 மணி தாண்டிப் பிடிச்சுது, 11 மணி தாண்டி விட்டுது. மொத்தமே மூணு மணி நேரம். ஆனா வயித்துல புள்ளையோட இருந்தவங்களுக்குப் பட்டினி மூணு மணி நேரத்தோட முடிஞ்சிருக்காது.

[திரையில்: கடிகாரம், இரவு 7:30]

காங்கயம் பக்கம் ஒரு வீடுன்னு வெச்சுக்குவோம். மருமகளுக்கு எட்டாம் மாசம். சூரிய கிரகணத்துக்கு நாலு ஜாமம் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்தணும்ங்கிறது பழைய கணக்கு. ஒரு ஜாமம் மூணு மணி நேரம், ஆக 12 மணி நேரம். அதனால முந்தின நாள் ராத்திரி ஏழரைக்குச் சாப்பாடு முடிஞ்சுது. காலையில பச்சைத் தண்ணி கூடக் கிடையாது. கிரகணம் விட்டு, வீடு கழுவி, தலைக்கு ஊத்தி, அப்புறம் உலை வெச்சுச் சோறு வர பன்னண்டு மணி. கணக்குப் பாருங்க, பதினாறரை மணி நேரம்.

மாசமா இருக்கிறப்ப உடம்பு சேமிச்ச சர்க்கரை மத்தவங்களை விடச் சீக்கிரமே தீரும். அப்புறம் கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும், ரத்தத்துல கீட்டோன்ங்கிற அமிலம் ஏறும். தலைவலி, கிறக்கம், குமட்டல் வரும். தண்ணியும் இல்லைன்னா வயிறு இறுக்கிப் பிடிக்கும். "அந்த நேரத்துல வெளியே போகக் கூடாது கண்ணு"ன்னு ஒண்ணுக்கையும் அடக்க வெச்சா சிறுநீர்த் தொற்றுக்கு வழி.

இதே மருமகளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்து இன்சுலினும் போடுறாங்கன்னா இது உயிர் விஷயம். வழக்கமான அளவு ஊசியைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சர்க்கரை 70-க்குக் கீழே விழலாம். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும். நினைவு இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கக் குடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி அளந்து, இன்னும் ஏறலைன்னா இன்னொரு தடவை குடுங்க. நினைவு தப்பியிருந்தா வாயில எதுவும் ஊத்தாம 108-ஐக் கூப்பிடுங்க.

[திரையில்: தர்ப்பைப்புல் போட்டு மூடிய பாத்திரம்]

வீட்டுப் பெரியவங்க கிட்ட இதை எப்படிச் சொல்றது? சண்டை வேண்டாம். குழந்தைகள், வயசானவங்க, முடியாதவங்களுக்கு அந்த 12 மணி நேரம் இல்லைன்னு சாஸ்திரக்காரங்களே விலக்கு வெச்சிருக்காங்க. "அத்தை, காலையில ஏழேகாலுக்கே ரெண்டு இட்லியும் பாசிப்பயறும் சாப்பிட்டுக்கறனுங்க, நடுவுல மோர் மட்டும் குடிச்சுக்கறனுங்க"ன்னா பெரும்பாலான வீட்டுல ஒத்துக்குவாங்க. சர்க்கரை இருக்கிறவங்க ஊசி, சாப்பாட்டு நேரம் ரெண்டையும் முந்தின நாளே டாக்டர் கிட்டக் கேட்டு வெச்சுக்கணும்.

உள்ளேயே இருக்கிறது, அருவாமணையைத் தொடாம இருக்கிறது, தர்ப்பை போடுறது, தலைக்கு ஊத்துறது, இதுல ஒரு கெடுதலும் இல்லை. தாராளமாச் செய்யுங்க. தாம்பாளத்துல உலக்கை நிக்கிறதையும் ரசிக்கலாம். அடி தட்டையா இருந்தா அது எந்த நாள்லயும் நிக்கும். "அசையாம மல்லாக்கப் படு"ங்கிறதை மட்டும் கேக்காதீங்க. கடைசி மாசங்கள்ல மல்லாந்தா கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். ஒருக்களிச்சுப் படுங்க. உதிரப்போக்கு, நீர்க்குடம் உடையுறது, அசைவு குறையுறது, இதெல்லாம் கிரகணம் விடுற வரைக்கும் காத்திருக்காது. உடனே கிளம்பணும்.

உதட்டுப் பிளவுக்குக் கிரகணம்தான் காரணம்ங்கிறாங்களே? மேலுதடு சேர்றது நாலாவது வாரத்துல இருந்து ஏழாவது வாரத்துக்குள்ள. எட்டாம் மாசத்துல வந்த கிரகணம் எப்பவோ ஒட்டின உதட்டைப் பிரிக்க முடியாது. பரம்பரை, கருவுக்கு முன்னாடியே இருந்த சர்க்கரை நோய், சில வலிப்பு மாத்திரைகள், இதுகளுக்குத்தான் அதுல பங்கு. வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.

[திரையில்: இஞ்சு டேப்பால் வயிற்றை அளக்கும் நர்ஸ்]

வயிறு கூம்பா இருந்தா பையன், அகலமா இருந்தா பொண்ணு. வளைகாப்புல சிரிச்சுப் பேசிக்க நல்லா இருக்கும். வடிவத்தைத் தீர்மானிக்கிறது வயித்துத் தசை, உயரம், எத்தனையாவது பிரசவம், குழந்தை கிடக்கிற வாக்கு. சிக்கல் எங்கேன்னா, "வயிறு சின்னதாத்தான் இருக்கும், பொண்ணு போல"ன்னு செக்கப்பைத் தள்ளிப் போடுறதுல. 24 வாரத்துக்கு மேல கர்ப்பப்பை உயரம் சென்டிமீட்டர்ல ஏறக்குறைய வாரக் கணக்குக்குச் சமமா வரணும், ரெண்டு கூடக் குறைய இருக்கலாம். 32 வாரத்துல 28 வந்தா அது பொண்ணுங்கிற சேதி இல்லை. வளர்ச்சியும் பனிக்குட நீரும் சரியா இருக்கான்னு ஸ்கேன் பார்க்கச் சொல்ற சேதி. பொண்ணுன்னு ஊகிச்சுச் சோத்தைக் குறைச்சுப் போடுறது இன்னொரு கொடுமை. பெண் சிசுக்கொலையைத் தடுக்கவே 1992-ல தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டி வந்தது நம்ம சேலத்துலதான்.

[திரையில்: குழந்தையின் முதுகு]

மச்சத்துக்கு வருவோம். கிரகணத்துல கை பட்ட இடம்னு சொல்ற நீலத் திட்டு, இடுப்புலயும் புட்டத்துலயும் நம்ம ஊர்க் குழந்தைகளுக்குச் சகஜம். சில வருஷத்துல மங்கிடும். மூணு மட்டும் டாக்டர் பார்க்கணும்: கண்ணு, உதட்டுப் பக்கம் பிறந்த சில வாரத்துல வந்து வேகமா வளர்ற சிவப்புக் கட்டி, நெத்தியும் இமையும் சேர்த்துப் பரவின ஒயின் நிறத் திட்டு, முதுகுத்தண்டுக்கு நேரா கீழ் முதுகுல முடிக்கத்தையோட இருக்கிற மறு. இதுகளுக்கு மையும் விபூதியும் வைங்க, வெச்சுட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.