மூன்று வாரமாகியும் தெளியாத குரல்

நேயர்களுக்கு வணக்கம். நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். என்னிடம் வந்த ஒருவரைப் பற்றி, அவர் யாரென்று தெரியாதபடி கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

லாரி ஓட்டுநர், வயது 54. முப்பது வருடமாகப் பீடி. குரல் கம்மி இரண்டரை மாதம் கழித்துத்தான் வந்தார். அவராக வரவில்லை. "போன்ல பேசுனா வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு டாக்டர்" என்று மகள் கூட்டி வந்திருந்தார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சாப்பாடு நன்றாக இறங்குகிறது. அதனால்தான் அவருக்குப் பயம் வரவில்லை. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் ஆயிற்று. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையில் நாலு நாள் குரல் தெளிந்து, மறுபடி கம்மிவிட்டது. ஒரு கிளினிக்கில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, "தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் சொன்னது பொய்யில்லை. டார்ச்சில் தெரிவது உள்நாக்கும் அதன் பின்சுவரும்தான். குரல் பிறக்கும் இடம் இன்னும் கீழே, கழுத்தில் சங்கு துருத்திக்கொண்டிருக்கும் மட்டத்தில், நாக்கின் அடிப்பகுதிக்கு மறைவில் இருக்கிறது. அங்கே இரண்டு குரல் நாண்கள். நாம் பேசும்போது, ஆண்களுக்கு நொடிக்கு சுமார் 100 முறைக்கு மேல் அவை அதிரும். அந்த விளிம்பில் அரிசிக் குருணை அளவுக்கு ஏதாவது தடித்தாலே அதிர்வு கெட்டுக் குரல் கரகரக்கும்.

சளி பிடித்தோ கத்திப் பேசியோ வந்த கம்மல் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். புகைப்பவருக்கு மூன்று வாரத்தைத் தாண்டியும் நிற்கிறதென்றால், மருந்தை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதற்குத்தான் லாரிங்காஸ்கோபி. முதலிலேயே ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நாணின் மேல்தோலில் மெல்லியதாகப் படிந்த மாற்றம் ஸ்கேனில் தப்பிவிடலாம்.

ஓட்டுநர் ரொம்பவும் பயந்தது இந்தப் பரிசோதனைக்குத்தான். மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துவிட்டு, நாலு மில்லிமீட்டர் பருமன்கூட இல்லாத, வளையும் குழாயை மூக்கு வழியாக இறக்கினோம். "ஈ..." என்று சொல்லச் சொன்னோம். நாண்கள் மூடித் திறப்பது திரையில் தெரிந்தது. உட்கார்ந்தபடியே இரண்டு மூன்று நிமிட வேலை. தொண்டை மரத்திருப்பதால் அடுத்த ஒரு மணி நேரம் டீ, தண்ணீர் கூடாது என்பதுதான் அவருக்குப் பெரிய குறை!

பார்த்தால் என்னவெல்லாம் தெரியலாம்? புகையால் நாண்கள் தண்ணீர் கோத்த பை மாதிரி உப்பியிருக்கலாம். பெண்களாக இருந்தால் குரல் ஆண் குரல்போல் தடித்துவிடும். இது புற்றுநோய் அல்ல. புகையை விட்டாலே பலருக்கு வீக்கம் குறையும். சிறு சதைக்கட்டி இருக்கலாம். நம் நாட்டில் காசநோயும் குரல்வளையில் வரும், பார்வைக்குப் புற்றுநோயைப் போலவே இருந்து ஏமாற்றும். சிலருக்கு நாண் பளபளவென்று சுத்தமாக இருக்கும், ஆனால் இடது பக்கம் அசையாது. அப்போது தொண்டையை விட்டுவிட்டு நெஞ்சை ஸ்கேன் செய்வோம். இடது நாணை அசைக்கும் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. நுரையீரல் கட்டி அதை அங்கே அழுத்தியிருக்கலாம்.

நம் ஓட்டுநருக்கு இரண்டு நாணும் நன்றாக அசைந்தன. இடது நாணின் முன்பகுதியில் சொரசொரப்பான ஒரு வெள்ளைப் படலம். வெள்ளைப் படலமெல்லாம் புற்றுநோய் ஆகிவிடாது. வெறும் தோல் தடிப்பாகவும் இருக்கலாம், புற்றாக மாறப்போகும் கட்டமாகவும் இருக்கலாம். எது என்று குழாயில் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மயக்கம் கொடுத்து, நுண்ணோக்கியில் பார்த்துத் துளி சதை எடுத்து அனுப்பினோம். புற்றுநோய் என்று வந்தது. முதல் நிலை.

முதல் நிலையிலேயே பிடித்ததற்கு அந்தக் கம்மலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அதனால் அங்கே தொடங்கும் புற்று கழுத்தில் நெறிகட்டிப் பரவ நாளாகும். ஆனால் குரலை முதல் மாதங்களிலேயே கெடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கட்டத்தில் கதிர்வீச்சு அல்லது லேசர், இரண்டில் ஒன்றே பெரும்பாலும் போதும். பத்தில் சுமார் ஒன்பது பேர் குணமாகிறார்கள். நாண் அசையாமல் போய், குருத்தெலும்பையும் அரித்த பிறகு வந்தால் குரல்வளையையே எடுக்க நேரிடலாம். பிறகு கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. மூச்சை இழுக்கும்போதே சத்தம் வருகிறவர்கள் முன்பதிவுக்கெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஓட்டுநர் கதிர்வீச்சை எடுத்துக்கொண்டார். வாரம் ஐந்து நாள், ஐந்தரை வாரம். நடுவில் தொண்டை புண்ணாகி, கஞ்சிதான் இறங்கியது. குரல் இன்னும் கம்மியதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதென்று பயந்துபோனார். அது கதிர்வீச்சால் வந்த வீக்கம். மூன்று மாதத்தில் குரல் தெளிந்தது, லேசான வறட்சி மட்டும் மிச்சம். பீடியை ஒரேயடியாக விடவில்லை, இரண்டு முறை மறுபடி பிடித்து, மூன்றாவது முறைதான் விட்டார். முதல் வருடத்தில் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை குழாய் போட்டுப் பார்க்கிறோம். இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே "ஈ..." என்று ஆரம்பித்துவிடுகிறார்.