மழைக்காலத்தில் சனிக்கிழமைக் கூலி: ஒரு மாடிச் சுவரின் கணக்கு

கேள்வி: "அண்ணா, பெகுவில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடி எடுக்கிறோம். தூண் எழும்பிவிட்டது, இனி செங்கல் சுவர். ஆட்களுக்கு நாள் கூலி, சனிக்கிழமை சனிக்கிழமை பட்டுவாடா. மழை பிடித்துவிட்டது. சில வாரம் கூலி குறைவாகத்தான் போகிறது, ஆனாலும் மொத்தப் பணம் எப்படிப் பற்றாமல் போகிறது என்று புரியவில்லை. கொத்தனாருக்கு எத்தனை சித்தாள் வைக்கவேண்டும்? மழை நாளுக்குக் கூலி கொடுக்கவேண்டுமா?"

தம்பி, பணம் பற்றாமல் போகும் காரணத்தை நீங்களே கேள்விக்குள் சொல்லிவிட்டீர்கள். மழை வாரத்தில் கூலி குறைவாகப் போகிறது. கையில் மிஞ்சிய பணத்தைப் பார்த்ததும் சிமெண்ட் வாங்கலாம், கம்பி வாங்கலாம் என்று தோன்றும். அது மிச்சம் பிடித்த பணம் அல்ல. எழும்பாத சுவருக்கு அடுத்த மாதம் கொடுக்கவேண்டிய கூலி அது. ஒரு சுவரை வைத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் மாடியில் அரைக்கல் சுவர், அதாவது நாலரை அங்குலச் சுவர், 1,800 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். கொத்தனாருக்கு நாளுக்கு 25,000 கியாட், சித்தாளுக்கு 15,000 கியாட். இது கணக்குக்காக நான் எடுத்த தொகை, உங்கள் பக்கத்துக் கூலியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 2018-ல் அரசு நிர்ணயித்த 4,800 கியாட் குறைந்தபட்சக் கூலியை, இல்லை அதற்குப் பிறகு சேர்ந்த படியை அடிப்படையாக வைத்துச் சிலர் பட்ஜெட் போடுகிறார்கள். அந்தத் தொகைக்குக் கட்டட வேலைக்கு ஆள் வரமாட்டார்கள். தெருமுனை டீக்கடையில் காலை ஆறு மணிக்கு என்ன கூலி பேசுகிறார்களோ, அதுதான் கூலி.

ஒரு கொத்தனார் மாடியில் நாளுக்கு 60 சதுர அடி எழுப்புவார் என்று எடுத்தால், 1,800 அடிக்கு 30 கொத்தனார் நாள். மூன்று கொத்தனார் நின்றால் 10 வேலை நாள். இந்த 60 என்பதை என் வாய்ச்சொல்லாக நம்பவேண்டாம். முதல் சனிக்கிழமை சாயங்காலம் டேப்பைப் பிடித்து எழும்பிய சுவரை அளந்து, கொத்தனார் நாட்களால் வகுத்துப் பாருங்கள். உங்கள் ஆட்களின் வேகம் தெரிந்துவிடும். அடுத்த வாரத்துக் கணக்கை அந்த எண்ணை வைத்துப் போடுங்கள்.

இனி சித்தாள். கீழே ஒருவர் சாந்து குழைக்கவேண்டும், ஒருவர் அதை மேலே ஏற்றவேண்டும், இரண்டு பேர் செங்கல் ஏற்றவேண்டும். மூன்று கொத்தனாருக்கு நாலு சித்தாள். நாள் செலவு 75,000 கூட்டல் 60,000, மொத்தம் 1,35,000 கியாட். பத்து நாளுக்கு 13 லட்சத்து 50 ஆயிரம்.

சிக்கனம் பார்க்கிறேன் என்று ஒரு சித்தாளை நிறுத்தினால் என்ன ஆகும்? நாள் செலவு 1,20,000-க்கு இறங்கும். ஆனால் செங்கல் நேரத்துக்கு மேலே வராது. கொத்தனார் 60 அடிக்குப் பதில் 50 அடிதான் எழுப்புவார். 10 நாள் வேலை 12 நாளாகும், செலவு 14 லட்சத்து 40 ஆயிரமாகும். நாளுக்கு 15,000 மிச்சம் பிடிக்கப் போய், முடிவில் 90,000 கூடுதலாகக் கொடுக்கிறோம். அதேபோல ஐந்தாவது சித்தாளைச் சேர்த்து வேகம் 65 அடிக்கு ஏறினாலும் செலவு கிட்டத்தட்ட 13 லட்சத்து 85 ஆயிரம் ஆகிறது. அதிலும் லாபம் இல்லை.

எது சரியான எண்ணிக்கை என்று தெரிய, காலை பத்து மணிக்குச் சாரத்துக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். கொத்தனாரின் சாந்துச் சட்டியைப் பாருங்கள். சட்டி வழித்துக் காலியாகி, கரண்டியால் விளிம்பைத் தட்டிக்கொண்டு அவர் கீழே எட்டிப் பார்க்கிறார் என்றால் சித்தாள் போதவில்லை. சட்டி நிரம்பி, பக்கத்தில் செங்கல் அடுக்கி, ஏற்றியவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறார்கள் என்றால் ஒருவர் அதிகம். 25,000 வாங்குகிறவர் 15,000 வாங்குகிறவருக்காகக் காத்திருக்கக்கூடாது. கீழ்த்தளச் சுவருக்கு மூன்றுக்கு மூன்றே போதுமாக இருக்கும். மாடி ஏற ஏற, செங்கல் குவியல் தள்ளிப் போகப் போக, சித்தாள் கூடவேண்டும்.

மழைக்கு வருவோம். நம் ஊர் மழை மே நடுவில் பிடித்தால் அக்டோபர் வரைக்கும் விடாது, ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் உச்சம். ஆனால் மழை பெய்த நாள் எல்லாம் வேலை கெட்ட நாள் இல்லை. அதனால் கூலி விதியை வேலை தொடங்கும் முன்பே எல்லார் முன்னாலும் பேசிவிடவேண்டும். நான் வைக்கச் சொல்வது இது: ஏழு மணிக்கு வந்தவர்கள் ஒன்பது வரைக்கும் காத்திருக்கவேண்டும். அதற்குள் வேலை தொடங்காவிட்டால் அன்று கூலி இல்லை, ஆனால் வந்து காத்திருந்ததற்குத் தலைக்கு 3,000 கியாட் சாப்பாட்டுப் பணம் உண்டு. தொடங்கிய வேலை உச்சிப் பொழுதுக்கு முன்பு நின்றால் அரை நாள். இரண்டு மணி தாண்டி நின்றால் முழு நாள். நடுவில் நின்றால், அன்று எழும்பியதைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.

சாப்பாட்டுப் பணம் எதற்கு என்று கேட்பீர்கள். அவர் நனைந்துகொண்டு வந்திருக்கிறார், அன்றைக்கு வேறு வேலைக்கும் போகமுடியாது. வெறுங்கையோடு திரும்பினால் மறுநாள் வரமாட்டார். ஜூன், ஜூலையில் பெகு பக்கம் நடவு வேலையும் கூப்பிடும். சித்தாள்கள் பாதிப் பேர் வயலுக்குப் போய்விட்டால், மூன்று கொத்தனாரும் சட்டியைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு மழை வாரத்தை எடுப்போம். ஆறு நாளில் மூன்று முழு நாள், இரண்டு அரை நாள், ஒரு நாள் வேலையே இல்லை. கூலி நாலு நாளுக்கு 5,40,000. காத்திருந்த நாளுக்கு ஏழு பேருக்கு 21,000. மொத்தம் 5,61,000 கியாட். ஈரம் இல்லாத வாரத்தில் 8,10,000 போயிருக்கும். சனிக்கிழமை பெட்டியில் இரண்டரை லட்சம் மிஞ்சி நிற்கும். இங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

எழும்பிய சுவரைப் பாருங்கள். அரை நாள் கூலிக்கு அரை நாள் வேலை கிடைக்காது. காலையில் சாரம் சரிசெய்ய, மணல் மூடிய தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை வடிக்க, நூல் பிடிக்க நேரம் போகும். மழை வந்தால் குழைத்த சாந்தில் மிஞ்சியது வீண், புதுச் சுவரை மூடவும் ஆள் வேண்டும். அரை நாளுக்கு 0.4 நாள் வேலை என்று வைத்தால், அந்த வாரம் 3.8 நாள் வேலை, 684 சதுர அடி. சதுர அடிக்கு 750 கியாட் ஆன கூலி 820 ஆகிறது.

1,800 அடியும் முடிய மூன்றாவது வாரத்துக்குப் போகும். முதல் இரண்டு வாரம் 5,61,000 வீதம், மூன்றாவது வாரம் மிச்ச 432 அடிக்கு ஏறக்குறைய 3,54,000. மொத்தம் 14 லட்சத்து 76 ஆயிரம். கூடுதல் 1,26,000. பரவாயில்லை என்று தோன்றும், ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை.

மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வாரா வாரம் போகும் பணம் ஒன்று உண்டு. மேஸ்திரிக்கு வாரச் சம்பளம், காவலாளி, சாரத்து வாடகை. இதெல்லாம் சேர்த்து வாரத்துக்கு 2,00,000 என்று வையுங்கள். ஈரமில்லாத காலத்தில் இரண்டு வாரத்துக்கு நாலு லட்சம். மழையில் மூன்று வாரத்துக்கு ஆறு லட்சம். கூலியில் கூடியதைவிட இதில் கூடியதுதான் அதிகம். மொத்தச் செலவு 17 லட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 லட்சத்து 76 ஆயிரத்துக்கு ஏறுகிறது, ஏறக்குறைய 19 சதவீதம். அதனால் ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று பொத்தாம்பொதுவாக மழைக்கு ஒதுக்குவது நம் ஊருக்குப் போதாது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை விழும் திறந்த வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். நவம்பருக்கு மேல் வரும் வேலைக்கு அந்த ஒதுக்கீடு தேவையில்லை.

செய்யவேண்டியது இதுதான். 20,76,000 கியாட்டையும் கூலிக்கும் இந்த வாரச் செலவுக்கும் என்று தனியாக எடுத்து வையுங்கள். சனிக்கிழமை மிஞ்சியது அதிலேயே கிடக்கட்டும். செங்கல்காரர் வந்து நின்றாலும் அதில் கை வைக்கவேண்டாம்.

இதைவிட நல்ல வழி ஒன்றும் உங்களுக்கு இருக்கிறது. சுவர் இன்னும் தொடங்கவில்லை, தூண் நிற்கிறது. மேல் உத்திரம் போட்டு முடிந்திருந்தால், சுவருக்கு முன்பு கூரையை ஏற்றுங்கள். சட்டமும் தகரமும் எப்படியும் வாங்கப்போவதுதான், முன்னால் வாங்குகிறோம், அவ்வளவுதான். தகரம் மேலே ஏறிவிட்டால் வெளிச்சுவருக்குச் சாரல் மட்டும்தான் தொல்லை. உள்சுவர் அடைமழையிலும் எழும்பும், பிறகு உள்பூச்சும் ஓடும். வெளிப்பூச்சை மட்டும் அக்டோபருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கூரை போடும் நாட்களிலும் மழை குறுக்கிடும், ஆனால் அது சில நாள் வேலை. ஈரச் செங்கலில் ஒரே நாளில் உயரமாக எழுப்பவும் விடாதீர்கள், மூன்றடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். சாந்து இறுகாமல் சுவர் வயிறு தள்ளினால் பிரித்துத்தான் கட்டவேண்டும்.

பட்டுவாடாவுக்கு ஒரு நோட்டு வையுங்கள். பெயர், கொத்தனாரா சித்தாளா, ஆறு நாளுக்கு ஆறு கட்டம், அதில் 1, ½, கா. காத்திருந்த நாளுக்குத்தான் அந்த "கா". கடைசிக் கட்டம் முன்பணம். தினமும் வேலை விட்டுப் போகும்போதே ஆளை வைத்துக்கொண்டு எழுதவேண்டும், சனிக்கிழமை உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் அரை நாள் எல்லாம் தகராறாகும். கூலியை மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். 1,000, 5,000 நோட்டுகளை வியாழக்கிழமையே சேர்த்து வையுங்கள், பத்தாயிரமாகவே வைத்திருந்தால் 15,000-த்தைப் பிரித்துக் கொடுக்கமுடியாது.

முன்பணம் இரண்டு நாள் கூலியைத் தாண்டவேண்டாம். மழை வாரத்தில் ஒருவருக்கு வருவதே நாலு நாள் கூலிதான். அதில் மூன்று நாளை முன்பே வாங்கிவிட்டவர் சனிக்கிழமை ஒரு நாள் கூலியோடு வீட்டுக்குப் போவார். அவர் திங்கட்கிழமை வேறு இடத்தில் அன்றாடம் காசு கொடுக்கிறவரிடம் நிற்பார்.